மாதா மாதம் வந்த டிவிடெண்ட் பாதியாகக் குறைந்தபோது: ஓர் ஓய்வூதியக் குடும்பம் எஸ்.டபிள்யூ.பி.க்கு மாறிய கதை

இது 2018 முதல் 2025 வரை ஒரு தம்பதியின் பணத்துக்கு நடந்ததைப் பற்றிய பதிவு. எஸ்.டபிள்யூ.பி. என்பது மியூச்சுவல் ஃபண்டில் இருக்கும் யூனிட்டை மாதா மாதம் கொஞ்சம் விற்று, நாம் எழுதிக் கொடுத்த தொகையை வங்கிக் கணக்குக்கு அனுப்பும் ஏற்பாடு. கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டுக் கணக்கும் வருமான வரிக் கணக்கும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், தொகைகளையும் ஒரு யூனிட்டின் விலையான என்.ஏ.வி.யையும் கணக்குப் போட வசதியாக முழு எண்ணாக்கியிருக்கிறேன். ஃபண்டின் பெயரைச் சொல்லவில்லை. அது இங்கே தேவையும் இல்லை.

## பின்னணி

கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து 60 வயதில் ஓய்வு பெற்றவர். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டவர். சொந்த வீடு, கடன் எதுவும் இல்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்துக் கையில் 36 லட்சம் இருந்தது. அதில் 12 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார்கள். அப்போது வட்டி 8.3 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,900 ரூபாய், அதாவது மாதம் 8,300. இ.பி.எஃப். ஓய்வூதியம் 2,900. இரண்டும் சேர்த்து மாதம் 11,200 உறுதியாக வந்துவிடும்.

மீதி 24 லட்சம் 2018 பிப்ரவரியில் ஒரு ஹைபிரிட் ஃபண்டின் மாதாந்திர டிவிடெண்ட் பிரிவுக்குப் போனது. முக்கால் பங்குக்கு அருகில் பங்குச் சந்தையிலும் மீதியைக் கடன் பத்திரங்களிலும் வைக்கும் வகை அது. வாங்கியபோது என்.ஏ.வி. 20 ரூபாய், யூனிட் 1,20,000. யூனிட்டுக்கு மாதம் 16 பைசா டிவிடெண்ட் வந்துகொண்டிருந்தது. அது மாதம் 19,200 ஆகிறது, வருடத்துக்கு 9.6 சதவீதம். “பேங்க் வட்டியைவிட மூணு சதவீதம் கூட, அதுவும் மாசா மாசம்” என்று சொல்லித்தான் அவருக்கு அது விற்கப்பட்டிருக்கிறது. 2016, 2017 வாக்கில் இந்த வகை ஃபண்டுகள் நாடு முழுக்க இப்படித்தான் ஓடின. ஓய்வு பெற்றவர்களுக்கு டிவிடெண்ட் என்ற சொல் வட்டி என்றே காதில் விழுந்தது.

## என்ன நடந்துகொண்டிருந்தது

முதல் டிவிடெண்ட் சொன்னபடி 19,200 வந்தது. அந்த ஏப்ரலிலிருந்து ஈக்விட்டி ஃபண்டுகளின் டிவிடெண்டுக்கு 10 சதவீத விநியோக வரி வந்துவிட்டது. சர்சார்ஜ், செஸ் சேர்த்து 11.6 சதவீதத்தைத் தாண்டும். அதை ஃபண்டே கட்டிவிட்டு மீதியைக் கொடுக்கும் என்பதால் முதலீட்டாளர் கண்ணில் அந்த வரி படவே படாது. டிவிடெண்ட் 14 பைசாவாகக் குறைந்தது. 2019 ஜனவரியிலிருந்து 12 பைசா. 2020 மார்ச்சில் சந்தை சரிந்தது. ஏப்ரல் மாதம் டிவிடெண்டே இல்லை. மே மாதம் 8 பைசா, அதாவது 9,600.

ஆனால் பாஸ்புக்கில் ஏறியது 8,880. அந்த 720 ரூபாய்தான் அவர்களை என்னிடம் கொண்டுவந்தது. வங்கி ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்து, வங்கியில் கேட்டு, அவர்கள் கைவிரித்த பிறகு ஜூன் மாதம் பாஸ்புக்கோடு வந்தார்கள்.

அந்த 720 டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி. 2020 ஏப்ரலிலிருந்து விநியோக வரியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக டிவிடெண்ட் முழுவதும் வாங்குபவருடைய வருமானமாகி, அவருடைய வரி விகிதப்படி வரிக்கு உட்பட்டது. அப்போது ஒரே ஃபண்ட் நிறுவனத்திலிருந்து வருடத்தில் 5,000 ரூபாயைத் தாண்டினால் டி.டி.எஸ். பிடித்தார்கள். விகிதம் 10 சதவீதம், அந்த வருடம் மட்டும் பெருந்தொற்றுச் சலுகையாக 7.5. வருமானம் வரிக்கு வராத அளவில் இருப்பதால் 15H படிவம் கொடுத்திருந்தால் பிடித்திருக்கவே மாட்டார்கள். சரி, அது சின்ன விஷயம். கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வந்துவிடும்.

பெரிய விஷயம் அவர்கள் கேட்காமல் இருந்தது. ஸ்டேட்மெண்டை வாங்கிப் பார்த்தேன். யூனிட் அதே 1,20,000. என்.ஏ.வி. 13 ரூபாய்ச் சொச்சம். ஜூன் கடைசியில் அது 13.80 ஆனபோது மதிப்பு 16,56,000. போட்டது 24 லட்சம்.

“யூனிட் ஒண்ணுகூடக் குறையலையே சார், அப்புறம் எப்படி?” என்றார் அவர்.

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. டிவிடெண்ட் கொடுக்கும் நாளில் யூனிட் எண்ணிக்கை மாறாது, ஆனால் கொடுத்த தொகை அளவுக்கு என்.ஏ.வி. இறங்கும். 20 ரூபாய் யூனிட்டில் 16 பைசா கொடுத்தால் மறுநாள் அது 19.84-லிருந்துதான் தொடங்கும். அந்த மாதம் சந்தையில் 16 பைசா சம்பாதித்திருந்தால் பள்ளம் நிரம்பிவிடும். சம்பாதிக்காவிட்டால் பள்ளம் அப்படியே நிற்கும், அடுத்த மாதம் அதற்குக் கீழே இன்னொரு பள்ளம் விழும். நீங்கள் பங்கு வாங்கி வைத்திருக்கும் ஒரு கம்பெனி தன் லாபத்தில் கொடுக்கும் டிவிடெண்டும் இதுவும் ஒன்றல்ல. இங்கே கொடுக்கப்படுவது உங்கள் யூனிட்டின் ஒரு துண்டு.

“லாபத்திலிருந்துதானே கொடுக்க முடியும் என்று சொன்னார்களே?” என்று மனைவி கேட்டார். அவர் சொன்னது பாதி சரி. விற்று எடுத்த லாபத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த லாபம் நீங்கள் வந்த பிறகு வந்ததாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. அவர் வாங்கியபோது யூனிட்டின் முகமதிப்பு 10, விலை 20. அதிகப்படியான 10 ரூபாயில் பழைய லாபம் அடங்கியிருக்கிறது. புதிதாக வருபவர் அந்த லாபத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறார். அவர் கட்டியதில் அந்த லாபத்துக்கான பகுதி சமநிலைக் கையிருப்பு என்ற தனிக் கணக்குக்குப் போகும். அதிலிருந்தும் டிவிடெண்ட் கொடுக்கலாம். ஆக ஃபண்டுக்கு அது லாபம், நம் தம்பதிக்கு அது போன மாதம் தாங்களே கட்டிய பணம்.

இந்தக் குழப்பம் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபிக்கும் தெரிந்திருந்தது. 2020 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை விட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் டிவிடெண்ட் என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். இப்போது ஸ்டேட்மெண்டில் ஐ.டி.சி.டபிள்யூ. என்று இருக்கும். வருமானப் பகிர்வும் மூலதனத்தைத் திரும்ப எடுத்தலும் சேர்ந்தது என்பது அதன் பொருள். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் நேர்மையான பெயர். எங்கள் விஷயத்தில் அது ஒன்பது மாதம் தாமதமாக வந்தது.

## கணக்கைப் பிரித்துப் பார்த்தது

2018 மார்ச் முதல் 2020 ஜூன் வரை அவர்களுக்கு வந்த டிவிடெண்ட் மொத்தம் 4,05,600. மிச்சமிருந்த மதிப்பு 16,56,000. இரண்டையும் கூட்டினால் 20,61,600. அதாவது உண்மையான நஷ்டம் 7,44,000 அல்ல, 3,38,400. மீதி அவர்கள் கையில் வாங்கிச் செலவழித்தது. இதை உட்கார்ந்து காகிதத்தில் எழுதிக் காட்டிய பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்புறம் இன்னொரு கணக்கும் போட்டேன். 2018 பிப்ரவரியிலேயே டிவிடெண்ட் கொடுக்காமல் லாபத்தை உள்ளேயே விட்டுவைக்கும், இதே ஃபண்டின் குரோத் பிரிவில் போட்டு, மாதம் 19,200 எஸ்.டபிள்யூ.பி. வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்போது குரோத் என்.ஏ.வி. 93, 2020 ஜூனில் 80. ஏறத்தாழ 25,800 யூனிட் கிடைத்திருக்கும். 28 மாதத்தில் 5,37,600 எடுத்திருப்பார்கள், அதற்குத் தோராயமாக 5,800 யூனிட் விற்றிருக்கும். மிச்சம் 20,000 யூனிட், 16 லட்சம். விநியோக வரி மிச்சமானதால் மொத்தத்தில் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். கையில் நிற்கும் மூலதனம் டிவிடெண்ட் பிரிவில் இருந்ததைவிட அரை லட்சம் குறைவாகவே இருந்திருக்கும்.

இதை நான் ஒளிக்கவில்லை. எஸ்.டபிள்யூ.பி.க்கு மாறுவதே மருந்து என்று நினைத்திருந்தால் இந்தக் கணக்கு அதை உடைத்துவிடும். அவர்களை அடித்தது டிவிடெண்ட் என்ற வழி மட்டுமல்ல, வருடம் 9.6 சதவீதம் என்ற அளவு. டிவிடெண்ட் பிரிவில் அந்த அளவை ஃபண்ட் மேலாளர் முடிவு செய்தார். சந்தை விழுந்ததும் அவரே குறைத்தார், அது வலித்தாலும் ஒருவகையில் முதலைக் காத்தது. எஸ்.டபிள்யூ.பி. தானாகக் குறையாது. நீங்கள் எழுதிக் கொடுத்த தொகையை, என்.ஏ.வி. பாதாளத்தில் இருந்தாலும், அந்தத் தேதியில் தேவையான யூனிட்டை விற்றுக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 80-இல் 10,000 எடுக்க 125 யூனிட் போகும், 116-இல் எடுக்க 86 போதும். விலை விழும்போது அதிக யூனிட் போகிறது, போன யூனிட் விலை ஏறும்போது திரும்பி வராது. குறைக்கும் முடிவு இனி உங்களுடையது.

வீட்டுச் செலவைக் கேட்டேன். மாதம் 21,000 என்று மனைவி ஒரு நோட்டைப் பார்த்துச் சொன்னார். உறுதியாக வருவது 11,200. பற்றாக்குறை 9,800. ஆக 19,200 அவர்களுக்கு எப்போதுமே தேவைப்படவில்லை. வந்ததால் செலவாகியிருக்கிறது, பாதி பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

மாதம் 10,000 என்று முடிவு செய்தோம். 16.56 லட்சத்தில் வருடம் 1,20,000 என்பது 7.2 சதவீதம். எனக்கு அது அதிகமாகவே பட்டது. சந்தை கொஞ்சம் தேறும் வரை பங்கு சார்ந்த யூனிட்டைத் தொடாமல் இருக்க ஒரு வழி தேவைப்பட்டது.

அதனால் ஜூன் கடைசியில் டிவிடெண்ட் பிரிவிலிருந்து மொத்தமாக வெளியே வந்தோம். 2,40,000 அதே நிறுவனத்தின் லிக்விட் ஃபண்டுக்கு, அதாவது பங்கு இல்லாமல் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் மட்டும் போடும் ஃபண்டுக்கு. மீதி 14,16,000 அதே ஹைபிரிட் ஃபண்டின் குரோத் பிரிவுக்கு, 80 ரூபாய் என்.ஏ.வி.யில் 17,700 யூனிட். முதல் வருட எஸ்.டபிள்யூ.பி. லிக்விட் ஃபண்டிலிருந்து. இரண்டு காரணம். முதலாவது, குரோத் யூனிட்டுகளுக்கு ஒரு வருடம் ஆகாமல் விற்றால் குறுகிய கால லாப வரி அப்போது 15 சதவீதம், வெளியேறும் கட்டணமும் வரலாம். இரண்டாவது, 2020-இல் சந்தை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருடச் செலவு தனியே இருந்தால் அவர் தூங்குவார்.

ஒரே ஃபண்டுக்குள் டிவிடெண்டிலிருந்து குரோத்துக்கு மாறுவது வெறும் பெயர் மாற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். வரிச் சட்டத்துக்கு அது விற்று வாங்குவதுதான். லாபத்தில் இருந்தால் வரி வரும். இங்கே 7,44,000 நஷ்டம், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்ததால் நீண்ட கால மூலதன நஷ்டம். கையில் வாங்கிய டிவிடெண்ட் இதில் கழியாது, முழு 7,44,000-ம் நஷ்டமாகவே நிற்கும். எட்டு வருடம் வரை கொண்டுபோய் எதிர்கால நீண்ட கால லாபத்தில் கழிக்கலாம், ஆனால் அந்த வருடக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். வருமானம் வரம்புக்குள் இருப்பதால் அவர் அதுவரை தாக்கலே செய்ததில்லை. “வரியே இல்லாதவன் எதுக்கு சார் ஃபைல் பண்ணணும்?” என்று முனகினார். பண்ணினோம்.

கடைசியாக ஒரு விதி எழுதினோம். ஜனவரியிலும் ஜூலையிலும் ஹைபிரிட் குரோத் என்.ஏ.வி.யைப் பார்ப்பது. ஆறு மாதத்துக்கு முன் இருந்ததைவிடக் கூடியிருந்தால் எஸ்.டபிள்யூ.பி. ஹைபிரிடிலிருந்து. குறைந்திருந்தால் லிக்விடிலிருந்து.

## 2021: முதல் தவணை

2021 ஜூலையில் என்.ஏ.வி. 116. ஒரு வருடத்தில் இப்படி ஏறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இதை என் திறமைக் கணக்கில் எழுத முடியாது. ஹைபிரிடின் மதிப்பு 20,53,200 ஆகியிருந்தது, 1,20,000 என்பது இப்போது 5.8 சதவீதம்.

முதல் தவணை 10,000-க்கு 86.207 யூனிட் விற்றது. அந்த யூனிட்டுகளை 80 ரூபாய்க்கு வாங்கியதால் அடக்கவிலை 6,897. லாபம் 3,103 மட்டும். மீதி அவருடைய சொந்த முதல், அதற்கு வரி கிடையாது. டிவிடெண்டாக வந்திருந்தால் முழு 10,000-ம் வருமானம். 30 சதவீத வரம்பில் இருக்கும் ஒருவருக்கு அதில் செஸ்ஸோடு 3,120 போயிருக்கும். எஸ்.டபிள்யூ.பி.யில் அந்த 3,103 லாபம், வருடம் ஒரு லட்சம் வரை அப்போது இருந்த விலக்குக்குள் அடங்கிவிடும். டி.டி.எஸ்.ஸும் இந்தியாவில் வசிப்பவருக்குக் கிடையாது.

ஆனால் இந்தத் தம்பதிக்கு வரி வித்தியாசம் பூஜ்யம் என்பதையும் சொல்ல வேண்டும். வட்டியும் ஓய்வூதியமும் சேர்ந்து அவருடைய வருட வருமானம் ஒன்றரை லட்சத்தைத் தொடாது, எந்த வழியில் வந்தாலும் வரி இல்லை. வரி மிச்சமாகும் என்பதற்காக எஸ்.டபிள்யூ.பி.யைத் தேர்ந்தெடுப்பது சம்பளக்காரர்களுக்குப் பொருந்தும். இவர்களுக்கு அதில் கிடைத்தது, ஒவ்வொரு 7-ஆம் தேதியும் ஒரே தொகை வரும் என்பது மட்டுமே.

## 2022: இரண்டு தவணை ஓடிய மூன்று மாதம்

சந்தை ஏறியதும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் எனக்குச் சொல்லாமல் எஸ்.டபிள்யூ.பி.யை 15,000 ஆக்க விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். தொகையை மாற்றுவது என்றால் பழையதை ரத்து செய்து புதியதைப் பதிய வேண்டும். அவர் புதியதை மட்டும் பதிந்தார். ஜனவரியிலிருந்து 7-ஆம் தேதி 10,000, 10-ஆம் தேதி 15,000 என இரண்டும் ஓடின.

மார்ச்சில் மனைவிதான் கவனித்தார். பாஸ்புக்கை நோட்டோடு ஒப்பிடும் பழக்கம் அவருக்கு உண்டு. “பென்ஷன் கூட்டிட்டாங்களா, இல்ல நீங்க எதாவது பண்ணீங்களா?” என்று அவரைக் கேட்டிருக்கிறார். அதன் பிறகு போன் வந்தது.

கூடுதலாக வந்த 45,000-க்கு 118 ரூபாய் சுமாரில் 380 யூனிட் போயிருந்தது. புதியதை ரத்து செய்தோம். அந்த 45,000 செலவாகாமல் வங்கியில் இருந்ததால் திரும்ப ஹைபிரிடில் போடலாமா என்று கேட்டார். போடவில்லை. புதிய யூனிட்டுகளுக்கு ஒரு வருடக் கணக்கு மறுபடி தொடங்கும், அதோடு லிக்விடில் 1,20,000-தான் மிச்சம் இருந்தது. அங்கே சேர்த்தோம்.

ஜூலையில் இன்னொரு பதற்றம். ஸ்டேட்மெண்டில் 17,700 யூனிட் 16,320 ஆகியிருந்தது. “டிவிடெண்டிலாவது யூனிட் அப்படியே இருந்துச்சு” என்றார். பழைய ஸ்டேட்மெண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அங்கே யூனிட் நின்றது, என்.ஏ.வி. கரைந்தது. இங்கே என்.ஏ.வி. தன் பாட்டில் ஓடுகிறது, யூனிட் கரைகிறது. எஸ்.டபிள்யூ.பி.யில் யூனிட் குறைவது கோளாறு அல்ல, அதுதான் அதன் வேலையே. பார்க்க வேண்டியது வேறு எண். அடுத்த 12 மாதம் எடுக்கப்போவதை இன்றைய மதிப்பால் வகுத்துப் பாருங்கள். அது 6 சதவீதத்துக்குள் நின்றால் எனக்குக் கவலை இல்லை. 7, 8 என்று வருடா வருடம் ஏறினால் அதற்குப் பெயர் வருமானம் அல்ல, தவணை முறையில் முதலைத் தீர்ப்பது. அன்றைக்கு மதிப்பு 18.6 லட்சம், விகிதம் 6.4. ஓரத்தில்தான் இருந்தது.

அந்த ஜூலை என்.ஏ.வி. 114, ஜனவரியைவிடக் குறைவு. விதிப்படி ஹைபிரிட் எஸ்.டபிள்யூ.பி.யை நிறுத்தி லிக்விடிலிருந்து ஆறு மாதம் எடுத்தோம். 2023 ஜனவரியில் 124 ஆனதும் திரும்பினோம். நான் உட்கார்ந்து ரத்து, பதிவு இரண்டையும் அவர்கள் முன்னால் செய்தேன்.

## 2023: தபால் நிலையத்துக்குத் திரும்பியது

தபால் நிலைய வைப்பு பிப்ரவரியில் முதிர்ந்தது. அந்த மாத பட்ஜெட்டில் ஒருவர் போடக்கூடிய வரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கி அறிவித்திருந்தார்கள், ஏப்ரலிலிருந்து அமல். வட்டியும் ஏப்ரலில் 8.2 ஆனது. காத்திருந்து போட்டோம்.

அதோடு ஹைபிரிடிலிருந்து 6 லட்சத்தை எடுத்து வைப்பை 18 லட்சமாக்கினோம். சந்தை நன்றாக இருக்கும்போது ஏன் எடுக்க வேண்டும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என் பதில், எடுப்பு விகிதம் 6-க்கு மேல் இருக்கும் குடும்பத்துக்கு உறுதியான பகுதி போதவில்லை என்பதுதான். வட்டியாக மாதம் 12,300 வந்தால் ஃபண்டிடம் கேட்பது குறையும்.

4,800 யூனிட் 125-இல் போனது. லாபம் 2,16,000. பழைய நஷ்டம் இங்கேதான் வேலை செய்தது, முழு லாபமும் அதில் கழிந்தது. ஒரு நெருடல் உண்டு. கொண்டுவந்த நஷ்டத்தை முதலில் கழித்துவிட்டுத்தான் விலக்கைப் பார்ப்பார்கள். விலக்குக்குள் அடங்கியிருக்கக்கூடிய சின்ன லாபங்களும் வருடா வருடம் நஷ்டத்தைத் தின்றுவிடும். நஷ்டம் வைத்திருப்பவர் அதை ஏதாவது பெரிய விற்பனைக்குப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

எஸ்.டபிள்யூ.பி. 7,000 ஆனது. ஹைபிரிடில் மிச்சம் 11,190 யூனிட், சுமார் 14 லட்சம், விகிதம் சரியாக 6. மாத வரவு 12,300, 2,900, 7,000 சேர்த்து 22,200.

## 2024, 2025

இந்த இரண்டு வருடத்தில் சொல்ல அதிகம் இல்லை. 2024 ஜூனில் 10,500 யூனிட் 17.3 லட்சம், விகிதம் 4.9. அந்த ஜூலை பட்ஜெட்டில் நீண்ட கால லாப வரி 10-லிருந்து 12.5 சதவீதம் ஆனது, விலக்கு ஒரு லட்சத்திலிருந்து 1.25 லட்சம் ஆனது. மாதம் 7,000 எடுப்பவருக்கு இரண்டுமே தொடாது. லிக்விடில் இருந்த 1,05,000-ஐ இரண்டு வருடச் செலவான 1,68,000 ஆக்கினோம். 2025 ஜனவரியில் என்.ஏ.வி. 168-லிருந்து 163-க்கு இறங்கியிருந்ததால் ஆறு மாதம் லிக்விடிலிருந்து எடுத்து, ஜூலையில் 176 ஆனதும் திரும்பினோம். அப்போது 9,880 யூனிட், 17.4 லட்சம்.

## இப்போது செய்தால் மாற்றுவது

ஆறு மாத விதி எளிமையானது, அதனால்தான் அவர்கள் அதைப் பின்பற்றினார்கள். ஆனால் அது கூர்மையானதல்ல. 168-லிருந்து 163 என்பது 3 சதவீதம், அதற்கு ஒரு ரத்தும் ஒரு பதிவும் தேவையில்லை. இன்று எழுதினால் உச்சத்திலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் மட்டும் லிக்விடுக்கு மாறு என்று எழுதுவேன். ஒவ்வொரு மாற்றமும் 2022-இல் நடந்ததைப் போன்ற தவறுக்கு ஒரு வாய்ப்பு.

2020 ஜூனில் மொத்தமாக ஒரே நாளில் மாற்றியதும் ஒரே ஃபண்டுக்குள் வைத்ததும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் சந்தை இன்னும் இரண்டு வருடம் படுத்திருந்தால், 2,40,000 தீர்ந்த பிறகு என் கையில் வேறு திட்டம் இல்லை. 10,000-ஐ 7,000 ஆக்கச் சொல்லியிருப்பேன், அதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பெரிய விடுபடல் வேறு. ஃபோலியோ, அதாவது ஃபண்ட் கணக்கு, கணவர் பெயரில் மட்டும் இருந்தது, மனைவி நாமினி. 2024-இல் மனைவியே கேட்டார், “இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த ஏழாயிரம் வருமா?” வராது. இறப்புச் சான்றிதழ், படிவம், வங்கி விவரம் என எல்லாம் கொடுத்து யூனிட் அவர் பெயருக்கு மாறிய பிறகு, அவரே புதிதாக எஸ்.டபிள்யூ.பி. பதிய வேண்டும். இடைப்பட்ட வாரங்களில் வருமானம் இல்லை. 2020-இல் பணத்தை நேரடியாக மாற்றாமல், வங்கிக்கு எடுத்து, இருவர் பெயரிலும் யாராவது ஒருவர் என்ற முறையில் புதிதாக வாங்கியிருந்தால் இந்தச் சிக்கல் இருந்திருக்காது. எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

லிக்விட் பகுதியை மட்டும் அந்த வருடம் வங்கிக்கு எடுத்து இருவர் பெயரில் மறுபடி வாங்கினோம். ஹைபிரிட் இன்னும் பெரும்பாலும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அதை விற்று வாங்கினால் நஷ்டக் கையிருப்பு மிச்சமிருப்பதையும் தாண்டி லாபம் வரும் என்பதால், வருடத்துக்குக் கொஞ்சமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். 2025 ஜூலையில் முதல் பகுதி போயிருக்கிறது. ரத்து எண், பதிவு எண் இரண்டையும் மனைவி தன் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.